எட்டுக் குரலுக்கு ஒரு சட்ஜமம்

(வீட்டுப் பஜனைக் குழுக்களுக்காக மாத்தளையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எங்கள் குழுவில் எட்டுப் பேர். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டு முன்னறையில் பாயை விரித்து உட்கார்ந்து தேவாரம், திருப்புகழ், சில கீர்த்தனைகள், கடைசியில் நாமாவளி என்று பாடுவோம். பக்கவாத்தியம் ஒரு சோடித் தாளம் மட்டும். முதல் பாட்டு ஒரு சுருதியில் தொடங்கும். மூன்றாவது பாட்டு வருவதற்குள் அரைக் கட்டை கீழே இறங்கியிருக்கும். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்தே இறங்கியிருப்போம். ஒருநாள் கைபேசியில் பதிவு செய்து முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. சுருதிக்கு ஒரு வாத்தியம் வாங்கியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய். எட்டுப் பேர், பத்து மாதம், நாற்பதாயிரம் ரூபாய். பிள்ளைகளின் பங்கைப் பெற்றோர் போட்டார்கள். இந்தக் காசுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வியோடு ஒரு வருடம் அலைந்தேன். அந்த ஒரு வருடத்தில் கற்றதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இங்கே இரத்தோட்டைப் பக்கத்திலிருந்தும், உக்குவளையிலிருந்தும், எல்கடுவைத் தோட்டங்களிலிருந்தும் மார்கழிப் பஜனை நடத்துகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் பையிலும் இதைவிடப் பெரிய தொகை இருக்காது என்று நினைத்தே பேசுகிறேன்.

முதலில் தம்புராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஆசை முழுக்க அதன்மேல்தான் இருந்தது. தஞ்சாவூர்த் தம்புராவைப் பலாமரத்தில் செய்கிறார்கள். பலாமரம் இல்லாத தோட்டம் நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் அந்தக் குடத்தைக் குடைந்து, தண்டியைப் பொருத்தி, குதிரையின் முகத்தைத் தேய்த்து நாதம் வரவைக்கும் கை தஞ்சாவூரில்தான் இருக்கிறது. நான்கு கம்பிகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். குதிரையின் முகம் தட்டையாக இல்லாமல் மெல்ல வளைந்திருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் ஓரிடத்தில் கம்பி திடீரென்று பூக்கும். அந்த இடத்தில்தான் ஜீவா பிடிக்கிறது என்கிறோம். சர் சி. வி. இராமன் 1921இல் இதை ஆராய்ந்து எழுதினார். கம்பியை ஓரிடத்தில் மீட்டினால் சில உபசுரங்கள் எழவே கூடாது என்று ஐரோப்பிய விதி ஒன்று சொல்கிறது. வளைந்த குதிரை உள்ள தம்புராவிலும் வீணையிலும் அந்த உபசுரங்களும் எழுகின்றன என்று அவர் காட்டினார். மந்தரக் கம்பியை நன்றாகச் சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தரகாந்தாரம் தானாகக் கேட்பதும் இதனால்தான். அந்த ஒலிக்கு நடுவில் உட்கார்ந்து பாடியவர்களுக்கு வேறு எதுவும் ஈடாகாது. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனாலும் நம் குழுவுக்குத் தம்புரா வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். காசு ஒரு காரணம்; 2022இல் நம் ரூபாய் விழுந்தபிறகு இந்தியாவிலிருந்து வரும் எந்த வாத்தியமும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உடையாமல் கொண்டுவரும் பாடும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் யாரோ ஒருவர் இனாமாகத் தந்தாலும் எங்களுக்கு அது பொருந்தியிருக்காது. ஏன் என்று விளங்க வேண்டுமானால் குழுவின் குரல்களைக் கணக்கெடுக்க வேண்டும். என் பேச்சின் மையமே அதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாத்தியம் வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் ஒரு சதமும் செலவழிக்காமல் ஒரு காரியம் செய்யுங்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் தம்புரா ஆப் ஒன்றை இறக்குங்கள். உங்கள் குழு பாடுவதிலேயே அதிகம் ஏறி இறங்கும் பாட்டைத் தெரிவு செய்யுங்கள். எங்களுக்கு அது கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் காந்தாரம் வரை போகும் ஒரு கீர்த்தனை. ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, அந்தப் பாட்டின் மிகத் தாழ்ந்த அடியையும் மிக உயர்ந்த அடியையும் மட்டும் பாடச் சொல்லுங்கள். தாழ்ந்த அடியில் சொல் காற்றாகப் போனால் சுருதி போதாது, அரைக் கட்டை ஏற்றுங்கள். உயர்ந்த அடியில் கழுத்து நரம்பு புடைத்தால், தலை மேலே தூக்கினால் சுருதி கூடிப்போயிற்று, அரைக் கட்டை இறக்குங்கள். எல்லா அடியையும் முகம் மாறாமல் பாடும் கட்டையை ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

எங்கள் கொப்பியில் பெண்கள் நால்வருக்கும் 5 அல்லது 5½ கட்டை வந்தது. ஆண்கள் ஒருவருக்கு 1, மற்றவருக்கு 1½. பிள்ளைகள் பெண்களோடு ஒட்டி நின்றார்கள். பழகாத குரல்கள் உள்ள பெரும்பாலான வீட்டுக் குழுக்களில் ஏறக்குறைய இதுதான் வரும். பெண்களின் 5 கட்டையில் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் கீழ் நிஷாதம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மேலே பாடினால் மேல் காந்தாரத்தில் கத்த வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நாங்கள் பல மாதம் 3 கட்டையில் பாடிக்கொண்டிருந்தோம். அதில் பெண்களின் கீழ்ச் சுரங்கள் கேட்கவில்லை, ஆண்களின் மேல் சுரங்கள் பிளந்தன. பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கியதற்கும் அதுவே காரணம்: ஆண்கள் மேலே எட்ட முடியாமல் தங்களை அறியாமல் இறக்கினார்கள், மற்றவர்கள் பின்னால் போனார்கள். நடுவில் நிற்கும் சுருதி நியாயமான சுருதி என்று நம்பியது எங்கள் பெரிய பிழை.

இப்போது எப்படிப் பாடுகிறோம் என்றால், பெண்கள் முன்னின்று பாடும் பாட்டுக்கு 5 கட்டை. அதில் ஆண்கள் தங்களுக்கு எட்டும் அடிகளில் மட்டும் சேர்ந்துகொண்டு மற்ற அடிகளில் தாளம் போடுவார்கள். ஆண்கள் முன்னின்று பாடினால் 1½ கட்டை. அதில் பெண்கள் ஒதுங்கி, பல்லவியில் மட்டும் சேர்வார்கள். நாமாவளிகள் பெரும்பாலும் சட்ஜமத்திலிருந்து தைவதத்துக்குள் அடங்கிவிடும். அவற்றை 1 கட்டையில் வைத்தால் ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்களும் பிள்ளைகளும் மேல் ஸ்தாயியிலும் ஒருவரும் சிரமப்படாமல் சேர்ந்து பாடலாம். செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற இராகங்களில் அமைந்த பாட்டு வந்தால் மத்திம சுருதிக்குப் போவோம். ஆக ஒரு மாலையில் மூன்று, நான்கு தடவை சுருதியை மாற்றுகிறோம்.

இந்த இடத்தில் தம்புரா கைவிடுகிறது. ஆண்களுக்கான தம்புரா வேறு, பெண்களுக்கான தம்புரா வேறு. நீளமும் வேறு, கம்பியின் கனமும் வேறு. ஒரு தம்புராவை அதற்குரிய சுருதியிலிருந்து ஒரு கட்டை, மிஞ்சினால் ஒன்றரைக் கட்டை இழுக்கலாம், தளர்த்தலாம். 5 கட்டைத் தம்புராவை 1 கட்டைக்கு இறக்கினால் கம்பி தொளதொளத்து நாதமே இராது. ஏற்றுகிற பக்கம் கம்பி அறும். அரைக் கட்டை மாற்றுவதற்கே பிரடையைத் திருகி, மணியை நகர்த்தி, ஜீவாவை மறுபடி தேடி எடுக்கப் பழகிய காதுள்ளவருக்கும் சில நிமிடம் வேண்டும். எங்கள் எட்டுப் பேரில் அந்தக் காது யாருக்கும் இன்னும் வரவில்லை. சுருதி சேராத தம்புரா எல்லோரையும் பிழையான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். சும்மா பாடுவதே அதைவிட மேல். தனியாகச் சாதகம் செய்யும் ஒரு பிள்ளைக்கு, சொல்லித்தர ஆசிரியரும் இருந்தால், தம்புராவே முதல் தெரிவு. நம்மைப் போன்ற கலப்புக் குரல் குழுவுக்கு அது பொருந்தாது.

அடுத்தது ஆர்மோனியம். நான் இந்தப் பேச்சைப் பேச வருகிறேன் என்று தெரிந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து, “மாஸ்டர், ஆர்மோனியத்தைக் குறை சொல்லாதீர்கள்” என்றார்கள். குறை சொல்ல வரவில்லை. நம் தோட்டத்துப் பஜனைகளிலும் நாடகங்களிலும் ஆர்மோனியம் பாடிய பாட்டுக்குக் கணக்கில்லை. மேற்கிலிருந்து காலால் மிதிக்கும் பெட்டியாக வந்த வாத்தியத்தை, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் பெட்டியாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அமைத்தார். நாடகக் கம்பெனிகளின் வழியாக அது இலங்கைக்கும் வந்தது. சிங்களவர்கள் அதைச் சர்ப்பினா என்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சமாகும். மாத்தளையிலும் கண்டியிலும் பழைய ஆர்மோனியம் தேடும்போது தமிழ் வீடுகளில் மட்டும் கேட்காமல் சிங்கள நண்பர்களிடம் சர்ப்பினா இருக்கிறதா என்று விசாரியுங்கள். பரணில் கிடக்கும் நல்ல பெட்டிகளும், அவற்றைத் திருத்தத் தெரிந்த முதியவர்களும் அப்படித்தான் எனக்கு அகப்பட்டார்கள்.

ஆர்மோனியத்தின் மேல் உள்ள பழைய வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தடை நின்றது. தடைக்குப் பின்னால் பல காரணங்கள் இருந்தாலும் இசைக் காரணம் இரண்டுதான். ஒன்று, கமகம் வராது. கௌசிகப் பண்ணில் தேவாரம் பாடுகிறீர்கள். இன்றைக்கு அதைப் பைரவியில் பாடுகிறோம். பைரவியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆர்மோனியத்தில் அந்தச் சுரத்துக்கு ஒரு கட்டைதான் இருக்கிறது, அதை அமுக்கினால் சுரம் ஆணி அடித்தாற்போல் நிற்கும். பாடுகிறவர் அசைக்க, பெட்டி அசையாமல் நிற்க, இரண்டும் மோதும். நாளடைவில் பாடுகிறவர்தான் தோற்பார். ஆர்மோனியத்தோடு மட்டும் பழகிய பிள்ளைகளின் பைரவி படிக்கட்டு ஏறுவதுபோல் இருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் சுரத்தானம். ஒரு சிறு கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். சட்ஜமம் விநாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். தம்புராவில் தானாக எழுகிற காந்தாரத்தை நம் ஸ்தாயிக்குக் கொண்டுவந்தால் 300 வரும், ஒன்றேகால் மடங்கு. ஆர்மோனியத்தில் பன்னிரண்டு சுரங்களையும் சம தூரத்தில் வைத்திருப்பதால் அதே காந்தாரம் 302.4 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டரைத் தடவை, அவற்றின் மேல் ஸ்தாயி உபசுரங்களில் ஐந்து தடவை, ஒலி அலைந்து அலைந்து கேட்கும். அதுதான் காதை உறுத்துகிறது. ஆனால் இதே கணக்கைப் பஞ்சமத்துக்குப் போட்டுப் பாருங்கள். சரியான பஞ்சமம் 360, ஆர்மோனியப் பஞ்சமம் 359.6. காது பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நம் சுரங்களுக்கு எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்கிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பின்னங்களின் அருமை தெரியும்.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஆர்மோனியத்தில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துச் சுருதியாக வைத்தால் அதில் பெரிய குற்றம் இல்லை. பாட்டின் ஒவ்வொரு சுரத்தையும் தொடர்ந்து வாசிக்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. அப்படியென்றால் சட்ஜம பஞ்சமத்துக்காக மட்டும் ஏன் ஆர்மோனியத்தின் விலையைக் கொடுக்க வேண்டும்? உங்கள் குழுவில் மெட்டே தெரியாதவர்கள் அதிகம், புதுப் பாட்டைச் சுரத்தைத் தொட்டுக் காட்டித்தான் கற்பிக்க முடியும், வாசிக்கத் தெரிந்த ஒருவரும் தவறாமல் வருவார் என்றால் ஆர்மோனியம் வாங்குங்கள். இந்த மூன்றும் சேர்ந்து இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பழையதை வாங்கப் போகிறவர்களுக்காக என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் காசு சேர்ந்த புதிதில் முப்பத்தையாயிரத்துக்கு ஒரு பழைய பெட்டி வந்தது. மெருகு பூசிப் பளபளவென்று இருந்தது. விற்றவர் ஒரு பாட்டை வாசித்தும் காட்டினார். நான் மயங்கிவிட்டேன். கையில் முன்பணம்கூட எடுத்தாயிற்று. குழுவில் உள்ள தங்கச்சி ஒருத்திதான், “அண்ணா, எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்போமே” என்றாள். அமுக்கினோம். மேல் ஸ்தாயியில் இரண்டு ரீடு பேசவே இல்லை, ஒன்று கட்டையை விட்டபிறகும் கத்திக்கொண்டிருந்தது. அந்த மூன்றையும் தொடாத பாட்டை அவர் வாசித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இந்த ஒழுங்கில் பார்க்கிறேன். முதலில் ஸ்டாப்பர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் துருத்தியைப் போட்டு உள்ளே காற்றை நிரப்புவேன். காற்றுக்குப் போக வழியில்லை. ஆகவே துருத்தி கையை எதிர்த்து நிற்க வேண்டும். சளசளவென்று உள்ளே போனால் தோலோ துணியோ கிழிந்திருக்கிறது. பிறகு ஒரு ஸ்டாப்பரைத் திறந்து, காற்றை நிரப்பி, ஒரே ஒரு கட்டையை அமுக்கியபடி துருத்தியைத் தொடாமல் எண்ணுவேன். பதினைந்து எண்ணும்வரை ஒலி நின்றால் நல்ல பெட்டி. ஏழு, எட்டில் அணைந்தால் வாங்கியபிறகும் காசு கேட்கும் பெட்டி. அடுத்தது ஒவ்வொரு கட்டையும். பேசாத ரீடைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம். பல சமயம் தூசியோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும், மெல்லிய காகிதத்தை ரீடுக்கு அடியில் விட்டு எடுத்தால் பேசிவிடும். ஆனால் பேசுகிற ரீடு பக்கத்து ரீடுகளோடு ஒட்டாமல் இறங்கி, இழுத்து இழுத்துப் பேசினால் பித்தளையில் கீறல் விழுந்திருக்கலாம். அதைத் திருத்த முடியாது, ரீடை மாற்றத்தான் வேண்டும். கடைசியாகப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். எலிப் புழுக்கையும் பூஞ்சண வாசமும் இருந்தால் தோல் இணைப்புகள் போயிருக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் உடுப்பே காயாது. தோலும் கம்பளமும் ஒட்டிய பெட்டி என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுருதிப்பெட்டி. நம் கோவிலில் நாதசுரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஒரு சின்ன மரப்பெட்டியின் துருத்தியைத் தட்டிக்கொண்டிருப்பாரே, அதுதான். முன்பு அந்த வேலையை ஒத்து என்ற குழல் செய்தது. மூச்சு விடாமல் ஒரே சுரத்தை ஊத ஓர் ஆளே தனியாக வேண்டும். பெட்டிக்குள் இருப்பவை ஆர்மோனியத்தில் உள்ள அதே மாதிரிப் பித்தளை ரீடுகள். அமுக்கும் கட்டைகள் இல்லை, சுரத்தைத் திறக்கும் சின்னச் சாவிகள் மட்டும் உண்டு. வேண்டிய சாவிகளைத் திறந்துவிட்டுத் துருத்தியைப் போட்டால் அவை மட்டும் ஓயாமல் ஒலிக்கும்.

வாங்குகிறவர்கள் இங்கே ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்ளக்கூடும். சில பெட்டிகளில் மூன்று, நான்கு ரீடுகளே இருக்கும். அவை ஒரு சுருதிக்கென்று செய்தவை. 5 கட்டைப் பெட்டி என்றும் 1 கட்டைப் பெட்டி என்றும் விற்பார்கள், விலை குறைவு. ஒரே சுருதியில் பாடும் ஒருவருக்கு அது போதும். நாங்கள் மூன்று சுருதியில் பாடுவதால் அது உதவாது. நமக்கு வேண்டியது 1 கட்டையிலிருந்து மேல் 1 கட்டை வரை பதின்மூன்று சுரமும் சாவிகளும் உள்ள பெட்டி. அதில் 1½ கட்டைக்கு இரண்டாவது சாவியும் அதன் பஞ்சமமும். 5 கட்டைக்கு வந்தால் சட்ஜமத்துக்கு மேலே பஞ்சமம் பெட்டியில் இருக்காது, கீழேதான் கிடைக்கும். குறையென்று நினைக்காதீர்கள், தம்புராவிலும் பஞ்சமக் கம்பி சாரணிக்குக் கீழேதான் பேசுகிறது. மத்திம சுருதிக்குப் பஞ்சமச் சாவியை மூடி மத்திமத்தைத் திறந்தால் முடிந்தது. இரண்டு விநாடி வேலை.

நாங்கள் வாங்கியது அதுதான். விசாரித்த புது ஆர்மோனியத்தின் விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது. வாங்கும்போது பெட்டியை எப்படிச் சோதித்தோம் என்றும் சொல்கிறேன். 1 கட்டையின் கீழ்ச் சட்ஜமத்தையும் மேல் சட்ஜமத்தையும் சேர்த்துத் திறந்து மெதுவாகத் துருத்தி போட்டோம். இரண்டும் ஒன்றாகக் கரைந்து ஒரே ஒலியாக நின்றால் சரி. வௌவௌ என்று அலைந்தால் ரீடு சேரவில்லை. அந்த அலையை எண்ணுங்கள். விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் பொறுக்கலாம், மூன்று நான்கு என்றால் வேறு பெட்டி கேளுங்கள். ஒவ்வொரு சட்ஜமத்துக்கும் அதன் பஞ்சமத்தைச் சேர்த்து இதே சோதனையைச் செய்தோம். எங்களுக்கு முதலில் காட்டிய பெட்டியில் 5½ கட்டைப் பஞ்சமம் அலைந்தது. இரண்டாவது பெட்டியைத்தான் எடுத்தோம். பிறகு துருத்தியை வேகமாக அழுத்திப் பார்த்தோம். காற்று மிஞ்சினால் ரீடின் சுரம் சற்று இறங்கும். எல்லாப் பெட்டியிலும் இது உண்டு. அதனால் போடுகிற கை ஒரே சீராக இருக்க வேண்டும்.

மின்சாரச் சுருதிப்பெட்டியை ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராஜ் நாராயண் முன்னோடியாக நின்று உருவாக்கிய வகை அது. சுத்தமான சுருதி, எந்தக் கட்டைக்கும் ஒரு திருகில் மாற்றலாம், துருத்தி போடக் கையும் வேண்டாம். வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுங்கள் என்று நானே சொல்வேன். எங்களைத் தடுத்தவை இரண்டு. 2022 மார்ச் மாத முடிவில் நாட்டில் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் நின்ற நாட்களில் நாங்கள் விளக்கேற்றி வைத்துப் பாடினோம். அப்போது கரண்ட் தேவைப்படும் எதன்மேலும் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அது மனக்காரணம். மற்றது காதுக்காரணம். எட்டுப் பேர் வாய்திறந்து பாடும்போது அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் சத்தம் அடியில் போய்விடுகிறது. கைபேசி ஆப்பும் அப்படித்தான். 1 கட்டையின் கீழ்ச் சட்ஜமம் விநாடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது, மேலே உள்ள உபசுரங்கள் மட்டும் கீச்சென்று கேட்கும். ஆப்பை நம்பியே காலம் தள்ளுகிறவர்கள் ஓரளவு பெரிய ஒலிபெருக்கி ஒன்றோடு அதை இணைத்துக்கொள்ளுங்கள். காசே இல்லாத குழுவுக்கு அது மோசமான வழியல்ல.

கைத்துருத்திப் பெட்டியில் குறை இல்லையா? இருக்கிறது. ஒரே தட்டையான ஒலி, தம்புராபோல் பூப்பதில்லை. ரீடின் ஒலி கரகரப்பாக இருப்பதால் பாடுகிறவர்கள் அதற்குமேல் கத்தத் தொடங்குவார்கள். பெட்டியை நடுவில் வைக்காமல் சுவரோரமாக, ஒரு துணியின் மேல் வைத்தால் தணியும். துருத்தி போடுகிறவரால் தாளம் போட முடியாது, ஆகவே முன்னின்று பாடுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். மழை மாதங்களில் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி, அடுப்படிப் புகை படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது, பலகை விரிந்துவிடும். வாரம் ஒருமுறையாவது எல்லாச் சாவியையும் திறந்து சில நிமிடம் துருத்தி போட்டால் ரீடில் பூச்சி குடியேறாது.

மிச்சப்பட்ட காசில் ஒரு பங்கை ரீடு சுத்தம் செய்யவும் தோல் மாற்றவும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மற்றப் பங்கில் பிள்ளைகள் இருவருக்கும் மாதம் இரண்டு வகுப்புக்கு ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் ஏற்பாடு செய்தோம். அவர் வீட்டில் தம்புரா இருக்கிறது. பிள்ளைகள் அதை மீட்டப் பழகுகிறார்கள். எங்கள் குழுவுக்குள் தம்புராவின் சுருதிக்காது வருமானால் அந்த வழியாகத்தான் வரும், தம்புராவை வாங்கி மூலையில் சாத்தி வைப்பதால் வராது.

எங்கள் எட்டுப் பேருக்கு வெளியே ஒரு பாட்டியம்மா இருக்கிறார். முன்பு தோட்டத்து மார்கழிப் பஜனையில் முன்னின்று பாடியவர், இப்போது மூச்சு வாங்குவதால் பாட முடிவதில்லை. வந்து கேட்டுவிட்டுப் போவார். பெட்டி வந்த முதல் வெள்ளிக்கிழமை துருத்தியை அவர் கையில் கொடுத்தோம். கொழுந்து எடுத்த கை, ஒரே சீராகப் போடுகிறது. இப்போது பாட்டின் நடுவில் எங்கள் சுருதி இறங்கினால் அவர் துருத்தியை ஒரு கணம் நிறுத்தித் தலையை உயர்த்தி எங்களைப் பார்ப்பார். நாங்கள் சட்ஜமத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவோம்.

பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறோம், இதோ மேசைமேல் இருக்கிறது. பாட்டியம்மாவும் முன்வரிசையில் இருக்கிறார். பாட்டியம்மா, 5 கட்டை திறந்துவிட்டேன், கொஞ்சம் துருத்தியைப் போடுங்கள். பெண்கள் முதலில் சட்ஜமத்தைப் பிடியுங்கள். ஆண்கள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருங்கள். உங்களுக்கு அடுத்ததாக 1½ கட்டை வருகிறது.